கடன் கடிதத்தில் சீல் இருந்தால் போதும் என்று நம்பிவிடாதீர்கள்

புறக்கோட்டையில் கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் எல்லாரும் இதை ஒருதரம் வாசியுங்கள். எனக்கு ஏழு லட்சம் ரூபா போன கதை இது.

தெரிந்த கடைக்காரர் ஒருவருக்குத் துணி கொடுத்து வந்தேன். கடைசி பில்லின் பணம் 2022 டிசம்பர் 10இல் வர வேண்டும். மொத்தம் 8,40,000 ரூபா. "இன்னும் கொஞ்சம் பொறுங்கோ அண்ணே" என்றே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டார்.

விற்ற சரக்கின் கடனுக்கு இலங்கையில் ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கடன்காரர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்து வைத்தால் அந்தக் காலம் மறுபடி முதலிலிருந்து ஓடும். வாயால் சொன்னால் செல்லாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் இருபது நாள் மீதமிருக்கும்போது, 2023 நவம்பர் 20இல், பில் இலக்கங்கள், மொத்தத் தொகை, மாதம் 70,000 வீதம் பன்னிரண்டு தவணை எல்லாம் எழுதிக் கடிதத்தை நானே தயாரித்துக் கொண்டுபோனேன்.

"வையுங்கோ, நாளைக்கு சைன் வைத்து அனுப்புறன்" என்றார். மறுநாள் வந்தது. ஊதா மையில் கடை சீல், அதற்கு மேலே ஒரு கிறுக்கல், பக்கத்தில் சின்னதாக "சார்பாக". வைத்தது கல்லாவில் இருக்கும் அவருடைய மருமகன். சீலைப் பார்த்த நிம்மதியில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். டிசம்பர் 10 அப்படியே கடந்து போனது.

2024 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் காசாக 70,000 தந்தார்கள். அவர்களுடைய கொப்பியில் நான்தான் கையெழுத்து வைத்தேன். என் கையில் ஒரு துண்டும் இல்லை. மார்ச்சிலிருந்து பேச்சில்லை.

ஆகஸ்ட்டில் புதுக்கடை நீதிமன்றப் பக்கம் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். சட்டத்தரணி கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இந்தப் பொடியனுக்கு முதலாளி அதிகாரம் கொடுத்ததுக்கு என்ன அத்தாட்சி?" கடன்காரர் தானே வைக்க வேண்டும், இல்லையென்றால் முறையாக அதிகாரம் பெற்றவர் வைக்க வேண்டும். கட்டிய தவணையும் காலத்தைப் புதுப்பிக்குமாம், ஆனால் அதை நிரூபிக்க வேண்டுமே. அவர்களோ காசே தரவில்லை என்கிறார்கள். அன்று அந்தக் கடிதத்தை நம்பாமல் இருந்திருந்தால், மிச்சமிருந்த இருபது நாளில் வழக்கைப் போட்டிருப்பேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கடிதத்தைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். முதலாளி உங்கள் கண்முன்னே கையெழுத்து வைக்கட்டும், திகதியும் அடையாள அட்டை இலக்கமும் அவர் கையாலேயே எழுதட்டும். தவணையை வங்கிக் கணக்கில் மட்டும் போடச் சொல்லுங்கள். "நாளைக்கு" என்று இழுத்தால், அன்றைக்கே பில்களோடு சட்டத்தரணியிடம் போய்விடுங்கள்.