90 ரூபாய்ப் பையா, 10 ரூபாய்ச் சரமா? கொடைக்கானல் முறுக்குக்கு விலை வைக்கும் கணக்கு

கொடைக்கானலில் ஒரு சின்ன யூனிட், மலைப்பூண்டு போட்ட ராகி மினி முறுக்கைப் பாக்கெட் செய்து விற்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது, சுற்றுலா வருபவர்களுக்கும் பெயர் தெரியும். சரக்கு ருசியாகவே இருக்கிறது. ஆனால் பெருமாள்மலையில் கடை வைத்திருப்பவர் சரத்தைப் பார்த்ததுமே சொல்வது இதுதான்: "தம்பி, சரக்கு நல்லாருக்கு. தொங்கவிட ஆணி எங்க இருக்கு, நீயே பாரு." சிப்ஸ், சேவு, மிக்சர், குர்குரே வகை எல்லாம் ஏற்கெனவே இடத்தைப் பிடித்துவிட்டன. இந்த நெரிசலில் முதல் விலையை எங்கே வைப்பது?

இதற்கு இரண்டு வழிகள் சொல்வார்கள். ஸ்கிம்மிங் என்றால் உயர்ந்த விலையில் தொடங்கி, கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருப்பவர்களிடம் முதலில் விற்றுவிட்டு அப்புறம் இறங்கி வருவது. பெனட்ரேஷன் என்றால் முதல் நாளே குறைந்த விலை வைத்து, நிறையப் பேரைப் பழக்கப்படுத்தி இடம்பிடிப்பது. 1950இல் ஜோயல் டீன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி எழுதியதிலிருந்து வணிகப் பாடங்களில் இப்படித்தான் வருகிறது. பாடத்தில் வரும் உதாரணங்கள் பெரும்பாலும் டிவி, போன் மாதிரிப் பொருட்கள். முறுக்குக்கு அப்படியே பொருத்தினால் சில இடங்களில் இடிக்கும்.

முதலில் சரமாகத் தொங்கும் 10 ரூபாய்ப் பாக்கெட்டைப் பார்ப்போம். சரத்தில் தொங்குவதெல்லாம் 5, 10, 20 ரூபாய்தான். 8 ரூபாய்க்குப் போட்டால் மீதிச் சில்லறைக்கு யார் அலைவது? அதனால் இங்கே விலையைக் குறைப்பது என்றால் கிராமைக் கூட்டுவது, அல்லது கடைக்காரருக்குக் கூடுதல் மார்ஜின் கொடுப்பது. பக்கத்துப் பாக்கெட்டில் 25 கிராம் இருந்தால் நாம் 30 கிராம் வைக்கிறோம். முறுக்கின் அடக்கம் கிலோ 160 ரூபாய் என்றால் 30 கிராமுக்கு 4.80. பிலிம், நைட்ரஜன், பேக்கிங் எல்லாம் சேர்த்து 80 பைசா, வண்டிக்கு 30 பைசா. மொத்தம் 5.90 ஆகிறது. கடைக்காரருக்கு 8 ரூபாய்க்கும், ஏஜென்ட்டுக்கு 7.30க்கும் கொடுக்க வேண்டியிருக்கும். புது பிராண்ட் என்பதால் பெரிய கம்பெனியைவிடக் கொஞ்சம் அதிகமாக விட்டுக்கொடுக்காமல் கடையில் ஏறாது. அந்த 7.30இல் 5 சதவீத ஜிஎஸ்டியைக் கழித்தால் நம் கைக்கு 6.95. பாக்கெட்டுக்கு 1.05 நிற்கிறது. 2025 செப்டம்பர் 22க்கு முன்பு இருந்த 12 சதவீத வரியில் இதே கணக்கைப் போட்டால் 62 பைசாதான் நின்றிருக்கும்.

இந்த 1.05ஐ நம்பி வண்டி வாங்கக் கூடாது. ரிட்டர்ன் இன்னும் கணக்கில் வரவில்லை. நூற்றில் ஐந்து பாக்கெட் தேதி முடிந்து, நமுத்து, அல்லது எலி கடித்துத் திரும்பி வந்தால் 1.05 என்பது 70 பைசா ஆகிவிடும். நூற்றில் பத்து வந்தால் 35 பைசா. பதினைந்து வந்தால் ஒன்றுமே மிஞ்சாது. வாடகை, கடன் தவணை, சம்பளம், ஒரு வண்டி எல்லாம் சேர்த்து மாதம் 60,000 ரூபாய் நிலைச்செலவு என்றால், 5 சதவீத ரிட்டர்னிலேயே மாதம் சுமார் 86,000 பாக்கெட் போட்டால்தான் கை கடிக்காது. அது ஏறக்குறைய இரண்டரை டன் முறுக்கு. ஒரு கடையில் புது பிராண்ட் நாளைக்கு நாலு பாக்கெட் போகும் என்று வைத்தாலும் 700 கடைகள் வேண்டும். ஒரு வண்டி நாளைக்கு 40 கடை போனால் வாரத்துக்கு 240. எனவே மூன்று வண்டிகள் தேவை. நாம் கணக்கில் வைத்ததோ ஒன்றுதான்.

பெனட்ரேஷனுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் பெரிய வாதம், அளவு கூடக்கூட அடக்கம் குறையும் என்பது. அது பொய்யில்லை. எண்ணெயை டின் டின்னாக வாங்காமல் மொத்தமாக வாங்கி, மாவையும் சேர்த்துப் பேசினால் கிலோவுக்கு 15 ரூபாய் குறையலாம். 30 கிராமுக்கு அது 45 பைசா, மெலிந்த லாபத்தில் பெரிய தொகைதான். ஆனால் டன் கணக்கில் ஓட ஆரம்பித்த பிறகுதான் அது கிடைக்கும். அதுவரை தாக்குப்பிடிக்கக் கையில் பணம் வேண்டும்.

இன்னொரு சங்கடம், தோற்றதே தாமதமாகத்தான் தெரியும். முதல் மாதம் ஏஜென்ட் வாங்கி அடுக்குவார், கடைகளும் அறிமுகச் சலுகை ஸ்கீமுக்காக ஒவ்வொரு சரம் எடுக்கும். பில்லைப் பார்த்தால் மனசு குளிரும். அது சரக்கு கடையில் ஏறிய கணக்கு, கடையிலிருந்து போன கணக்கு அல்ல. பாக்கெட்டின் ஆயுள் மூன்று நான்கு மாதம் என்றால் ரிட்டர்னும் அப்போதுதான் மூட்டையாக இறங்கும். அதற்குள் அடுத்த பிலிம் ரோலுக்குப் பணம் கட்டியிருப்போம். இதைப் பிடிக்க ஒரே வழி, ஸ்கீமை நிறுத்திய பிறகு அதே கடை எத்தனை நாளில் இரண்டாவது சரம் கேட்கிறது என்று கடை கடையாகக் குறித்து வைப்பது.

இப்போது 90 ரூபாய்ப் பை. 100 கிராம், நிற்கும் பவுச், ஜிப் வைத்தது. முறுக்கு 16 ரூபாய், பவுச்சும் மற்றதும் சேர்த்து மொத்த அடக்கம் 24. ஏரியைச் சுற்றியும் கோக்கர்ஸ் வாக் பக்கமும் உள்ள கடைகளுக்கு ஏஜென்ட் இல்லாமல் நாமே 60 ரூபாய்க்குப் போடுகிறோம். கடைக்காரருக்கு மூன்றில் ஒரு பங்கு மார்ஜின், அந்த வாடகைக்கு அவர் அதற்குக் குறைத்துக் கேட்கமாட்டார். வரி போக நமக்கு 57.14, நிற்பது 33 ரூபாய். ஒரு பை, ரிட்டர்னைக் கழிக்காத கணக்கில்கூட முப்பத்தொரு பத்து ரூபாய்ப் பாக்கெட்டுக்குச் சமம். சரத்தைக் கவிழ்த்த அதே 15 சதவீத ரிட்டர்னை இங்கே போட்டாலும் பைக்கு 24 ரூபாய்க்கு மேல் மிஞ்சுகிறது. மாதம் சுமார் 2,450 பை, அதாவது நாளைக்கு 80 பை போட்டால் அதே 60,000 வந்துவிடும். முப்பது கடைகள் ஆளுக்கு மூன்று பை விற்றால் போதும். முறுக்கு கால் டன்கூட வராது.

கணக்கில் ஸ்கிம்மிங் வெளிப்படையாக ஜெயிக்கிறது. தவறைத் தாங்கும் இடம் அதில்தான் இருக்கிறது.

சட்டமும் அதன் பக்கம்தான் சாய்கிறது. விற்பனைக்குப் போன பாக்கெட்டில் எம்ஆர்பியைக் குறைக்க வேண்டுமென்றால், பழைய விலை மறையாதபடி குறைந்த விலை ஸ்டிக்கர் ஒட்ட எடையளவுச் சட்ட விதிகள் அனுமதிக்கின்றன. கூட்டி ஒட்ட அனுமதி இல்லை. 90இல் தொடங்கியவர் 75க்கு இறங்க ஸ்டிக்கர் போதும். 10 ரூபாய்க்கு 30 கிராம் என்று பெரிய எழுத்தில் பிலிம் அடித்தவர், எண்ணெய் விலை ஏறினால் ரோல் தீரும்வரை அதே கணக்கில் ஓட்ட வேண்டும், அல்லது ரோலைத் தூக்கிப் போட்டுவிட்டு 24 கிராம் என்று புதிதாக அடிக்க வேண்டும். 30 பார்த்த கண் 24ஐ மன்னிக்காது.

ஆனால் 90 ரூபாய்ப் பைக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு, கொடைக்கானலில் அது ரொம்பப் பெரிது. வாங்குபவர் ஊருக்குத் திரும்பிப் போய்விடுகிறார். நன்றாக இருந்ததா இல்லையா என்று அவர் நம்மிடம் சொல்லப்போவதில்லை, மறுபடி வாங்கவும் வரமாட்டார். மே மாதம் பை பறந்தால் ஜெயித்தது கடை இருக்கும் இடமும் பையின் படமும், முறுக்கு ஜெயித்ததா என்று தெரியாது. அப்புறம் மழைக்காலத்தில் ஏரிக்கரை காலியாகும். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு இருக்கிறது. சீசன் கணக்கை வைத்து வருஷக் கணக்குப் போட்டால் ஆகஸ்டில் வாடகைக்குத் திண்டாட வேண்டியிருக்கும்.

அதனால் அதே பையில் சிலவற்றை மூஞ்சிக்கல், நாயுடுபுரம் பக்கம் உள்ளூர்க்காரர்கள் மளிகை வாங்கும் கடைகளிலும் வைக்க வேண்டும். அங்கே நிறைய விற்காது. விற்கவும் வேண்டாம். ஒரே வீட்டுக்காரர் 90 ரூபாய் கொடுத்து இரண்டாம் தடவை எடுக்கிறாரா என்பதைக் கடைக்கார அண்ணாச்சி சொல்லிவிடுவார்.

சரி, ஸ்கிம்மிங் சொல்வதுபோல மேலே உள்ள பாலாடையை எடுத்துவிட்டுக் கீழே இறங்கலாம் என்றால் அதே முறுக்கை 10 ரூபாய்ச் சரமாகப் போட முடியுமா? போடலாம், ஆனால் பாக்கெட்டில் இப்போது ஒரு கிராம் என்ன விலை என்றும் அச்சிட வேண்டும். ஒன்றில் 90 பைசா, மற்றதில் 33 பைசா. மேலே மூன்றில் ஒரு பங்கு மார்ஜின் வாங்கும் கடைக்காரரே முதலில் கேட்பார். ஒரே பாக்கெட்டுக்கு மலையில் ஒரு எம்ஆர்பி, வத்தலக்குண்டில் ஒரு எம்ஆர்பி என்று பிரிப்பதும் விதியில் மாட்டும். எனவே கீழே போவது வேறு சரக்காக இருக்க வேண்டும்: ராகி குறைத்து, அரிசிமாவு கூட்டி, பூண்டு வாசனை மட்டும் வைத்த மெல்லிய சீவல் மாதிரி, வேறு பெயரில்.

இன்னொன்றும் இங்கே மட்டும் வரும் சிக்கல். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கீழே அடைத்த சிப்ஸ் பாக்கெட் மேலே வந்தால் தலையணையாக உப்பும், சீல் சரியில்லாதது வெடிக்கும். மேலே அடைத்த நம் பாக்கெட்டை வத்தலக்குண்டுக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ கொண்டுபோனால் நேர்மாறாக உள்ளே உள்ள வாயு ஐந்தில் ஒரு பங்கு சுருங்கி, பாக்கெட் சூம்பிப்போய்த் தொங்கும். 30 கிராம் இருந்தும், பக்கத்தில் விறைப்பாக நிற்கும் 25 கிராம் பாக்கெட்டைத்தான் பையன் எடுப்பான். நிற்கும் பவுச் மேலேயே விற்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. சரத்தை அடிவாரத்தில் வைத்துத்தான் அடைக்க வேண்டும். அதற்கு இன்னொரு சீலிங் மெஷின், இன்னொரு இடம், உரிமத்திலும் அந்த முகவரி.

என் தீர்ப்பு இது: கையில் ஆறு மாத நிலைச்செலவுக்குப் பணம் இல்லாதவர் சரத்தில் தொடங்கக் கூடாது. ஒரு சீசன் பையை ஓட்டலாம். உள்ளூர்க் கடைகளில் இரண்டாம் தடவை வாங்குவோர் இருந்தால், வத்தலக்குண்டு லைன் ஒன்றில் மட்டும், 240 கடைகளுக்கு மேல் போகாமல் சரத்தை இறக்கிப் பார்க்கலாம். பிலிமை அப்போது அச்சடிக்க வேண்டாம். வெற்று பாக்கெட்டில் லேபிள் ஒட்டினால் பைசா கணக்கில் கொஞ்சம் கூடும், ஆனால் கிராமை மாற்ற வேண்டி வந்தால் அடுத்த லேபிளிலேயே மாற்றிவிடலாம். முதல் சரக்கின் தேதி முடிந்து ரிட்டர்ன் முழுவதும் எண்ணப்பட்ட பிறகு, அது நூற்றுக்கு ஐந்துக்குள் இருந்தால் ரோல் ஆர்டர் கொடுக்கலாம். பத்தைத் தொட்டால் அந்த லைனை மூடிவிட்டுப் பையோடு நிற்பதே நல்லது.