சனிக்கிழமை லைவ்: மூன்று வருட அனுபவம்

கொழிஞ்சாம்பாறையில் எனக்கு ஒரு ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் கடை. மூன்று வருடமாகச் சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு, கடை மேசையில் ஒரு பழைய செட்டைப் பிரித்து வைத்து யூடியூபில் லைவ் போடுகிறேன். எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும் வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ்தான். அதனால் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் பொள்ளாச்சி, கோயம்புத்தூர்ப் பக்கம். மீதிப் பேர் சித்தூர், ஒற்றப்பாலம் பக்கத்து மலையாளிகள். இந்தக் கலவையில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

முதலில் சாமான்கள். மேசைக்கு மேலே கிளாம்ப் போட்ட ஸ்டாண்டில் செல்போன், அதன் பின்பக்கக் கேமரா கீழே பார்க்கும். சட்டையில் ஒரு காலர் மைக். பழைய லேப்டாப்பில், படத்தையும் குரலையும் யூடியூபுக்கு அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருள். நல்ல கேமரா வாங்கச் சேர்த்த பணத்தில் மைக் வாங்கியது சரியான முடிவு. படம் கொஞ்சம் மங்கினால் ஆட்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், குரல் கரகரத்தால் இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறார்கள்.

நெட்டுக்கு 720பி, 30 ஃபிரேம், 2500 கேபிபிஎஸ் என்று வைத்திருக்கிறேன். அதற்கு மேல் ஏற்றினால் மழை நாளில் ஓபிஎஸ்ஸின் கீழ்ப்பட்டையில் விடுபட்ட ஃபிரேம் எண்ணிக்கை ஓட ஆரம்பிக்கும். அது ஏறுகிறதென்றால் கோளாறு கேமராவில் இல்லை, அப்லோடில். செல்போன் டேட்டாவில் போட்ட காலத்தில் எல்லையின் இரண்டு பக்கத்து டவருக்கும் போன் மாறி மாறித் தாவியது, படம் உறைந்து நின்றது. பிராட்பேண்டு போட்டு, ரவுட்டருக்கு ஒரு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் வைத்த பிறகுதான் நிம்மதி.

இனி சாட். ஆறாவது மாதத்தில் ஒரு கும்பல் நுழைந்து, மலையாளத்திலும் தமிழிலும் கெட்ட வார்த்தையாகக் கொட்டியது. அப்போது கையில் சூடான சால்டரிங் அயர்ன். அதைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாக நீக்குவதற்குள் நல்லவர்கள் கிளம்பிவிட்டார்கள். அன்றே யூடியூப் ஸ்டுடியோவின் செட்டிங்ஸில் இருக்கும் `Blocked words` பட்டியலை நிரப்பினேன். அதில் இருக்கும் சொல் வந்தால் அந்தச் செய்தி லைவ் சாட்டில் வராது. லிங்க்கைத் தடுக்கும் வசதியையும் போட்டுவிட்டேன்.

பட்டியல் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். மூன்றாவது வாரம் எனக்கு வழக்கமாக எழுதும் வயதான ஒருவர் வீடியோவின் கீழே ஒரு கமெண்ட் போட்டிருந்தார்: "தம்பி, நான் எழுதினது ஒண்ணுமே வரலையே, என் மேல ஏதாவது வருத்தமா?" மனசு சங்கடப்பட்டுப்போனது. என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். தன் பாட்டி வீட்டில் இதே மாதிரி ரேடியோ இருந்த கதையைத் தங்கிலீஷில் எழுதியிருக்கிறார். பாட்டி என்பதை `patti` என்று அடித்திருக்கிறார். மலையாளத்தில் பட்டி என்றால் நாய், அது வசவு. கும்பல் அதைத்தான் எழுதியது, நானும் அதை அப்படியே பட்டியலில் சேர்த்திருந்தேன். பழைய ரேடியோ ஓடும் இடத்தில் பாட்டியைத் தடுத்தால் அப்புறம் யார் என்ன பேசுவார்கள்?

இன்னொன்று இதைவிடச் சிக்கல். அண்ணா என்று கூப்பிடும் சேட்டாவையும் மலையாளிகள் `chetta` என்றுதான் அடிப்பார்கள். கீழ்த்தரமானவன் என்று திட்டும் ஒரு சொல்லுக்கும் ஆங்கில எழுத்தில் அதே எழுத்துக்கள்தான். அதைத் தடுத்தால் என்னை மரியாதையாகக் கூப்பிடும் அத்தனை பேர் வாயையும் கட்டியதாகும். தமிழில் வேறு தொல்லை. ஒரு வசவுக்கு ஏ, டா, ன்னு, க்கு என்று எது ஒட்டினாலும் அது வேறு சொல்லாகிவிடுகிறது. மூலச் சொல்லை மட்டும் போட்டால் மற்றதெல்லாம் தாண்டி வந்துவிடும்.

அதனால் இப்போது என் பட்டியல் சின்னது. எந்த மொழியிலும் வேறு பொருள் இல்லாத சொற்கள் மட்டும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தமிழ் எழுத்து, மலையாள எழுத்து, ஆங்கில எழுத்து மூன்றிலும், ஒட்டு சேர்ந்த வடிவங்களோடு. இரட்டைப் பொருள் உள்ளவற்றை மனிதர்களிடம் விட்டுவிட்டேன். என் மச்சான் ஒருவர், ஒற்றப்பாலத்துப் பார்வையாளர் ஒருவர், இரண்டு பேரையும் மாடரேட்டர் ஆக்கினேன். அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஸ்பானர் படம் தெரியும். பேச்சு வழி தவறினால் முதலில் கொஞ்ச நேரம் வாயடைப்பு, திரும்ப வந்தால் சேனலிலிருந்தே மறைத்துவிடுவது. கூட்டம் திடீரென ஏறினால் ஒருவர் 15 விநாடிக்கு ஒரு செய்திதான் போட முடியும் என்று ஸ்லோ மோடை முடுக்கிவிடுவார்கள். எழுத்துக்கு நடுவே புள்ளி வைத்து எழுதும் வசவைப் பட்டியல் பிடிக்காது, இவர்கள் பிடிக்கிறார்கள்.

பணத்துக்கு வருகிறேன். பார்க்கிறவர்கள் காசு கட்டி லைவ் சாட்டில் எழுதும் சூப்பர் சாட்டைத் திறக்க 500 சந்தாதாரர், கடைசி 90 நாளில் மூன்று வீடியோ, ஒரு வருடத்தில் 3,000 மணி நேரப் பார்வை வேண்டும். மணி நேரத்துக்குப் பதிலாக 90 நாளில் 30 லட்சம் ஷார்ட்ஸ் பார்வை இருந்தாலும் போதும். எனக்கு மணி நேரம் சேரவே ஒன்றே கால் வருடம் ஆனது. அதுவரை திரையின் மூலையில் யுபிஐ க்யூஆர் வைத்திருந்தேன், இப்போதும் இரண்டும் இருக்கிறது.

100 ரூபாய் சூப்பர் சாட் வந்தால் என் கைக்கு 70 என்று கணக்குப் போடக் கூடாது. வரி போன மிச்சத்தில்தான் 70 சதவீதம். அந்த நூறுக்குள் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருந்தால் மிச்சம் 84 ரூபாய் 75 பைசா, அதில் என் பங்கு 59 ரூபாய் சொச்சம். ஐபோன் ஆப் வழியாக வந்தால் ஆப் ஸ்டோர் கட்டணமும் கழியும். அதுவும் கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகுதான் வங்கிக்கு வரும், என்னைப் போன்ற சின்ன சேனலுக்குப் பல மாதம் ஆகும். யுபிஐயில் நூறு என்றால் நூறும் அந்த நிமிடமே வந்துவிடும்.

ஆனால் க்யூஆருக்கு எச்சரிக்கை வேண்டும். என் பழைய ஐடியில் சொந்தப் போன் எண்ணே இருந்தது. லைவ் நடுவே ஒருவர் கூப்பிட்டு, "500 அனுப்ப வேண்டியது 5,000 அனுப்பிட்டேன், மீதி 4,500ஐத் திருப்பி அனுப்புங்க" என்று அழாத குறையாகக் கேட்டார். வரவு வைத்ததாக எஸ்எம்எஸ்ஸும் இருந்தது. அயர்னை வைத்துவிட்டு வங்கி ஆப்பில் கணக்கைத் திறந்தேன். அப்படி ஒரு வரவே இல்லை, எஸ்எம்எஸ் வந்ததும் ஏதோ ஒரு தனியார் எண்ணிலிருந்து. அன்று முதல் லைவுக்கென்று தனி வங்கிக் கணக்கு, எண் தெரியாத ஐடி. எஸ்எம்எஸ்ஸை நம்புவதில்லை, ஸ்டேட்மெண்ட்தான்.

காசு போடுங்கள் என்று நான் கேட்பதில்லை. போட்டவர் பெயரைச் சொல்லி, அவர் கேள்விக்கு அந்தப் பாகத்தைத் தொட்டுக் காட்டிப் பதில் சொல்வேன். கேள்வி தாமதமாக வந்தால் நான் அந்தப் பாகத்தைத் தாண்டிப் போயிருப்பேன் என்பதால் தாமத அளவைக் குறைந்ததில் வைத்திருக்கிறேன். வாராவாரம் நூறு போட்ட ஒரு கல்லூரிப் பையனிடம் மட்டும், "நீ படிச்சு முடிச்சதுக்கு அப்புறம் போடு, இப்போ கேள்வி கேட்டாலே போதும் கண்ணு" என்று சொன்னேன். அவன் இப்போதும் வருகிறான், நல்ல கேள்வியாகக் கேட்கிறான்.

மாதக் கடைசியில் யுபிஐ கணக்கில் சேர்ந்ததில் நான்கில் ஒரு பங்கை மாடரேட்டர் இரண்டு பேருக்கும் சமமாக அனுப்பிவிடுவேன். போன மாதம் 2,400 சேர்ந்தது, ஆளுக்கு 300.