சேனல் அபவுட்: ரெண்டு மொழியும் ஒரே பெட்டியிலயா, தனித்தனியாவா?

நம்ம மாடித்தோட்டம் யூடியூப் சேனலோட அபவுட்டை, அதாவது சேனல் அறிமுகத்தை, தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் போடணும்னு முடிவு பண்ணப்போ ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு, ஒரே பெட்டிக்குள்ள மேல தமிழ், கீழ இங்கிலீஷ்னு எழுதுறது. இன்னொண்ணு, யூடியூப் ஸ்டூடியோவுல கஸ்டமைசேஷன் பக்கம் போய் `Add language` கொடுத்து மொழிபெயர்ப்பை தனியா சேர்க்குறது. நான் முதல்ல ரெண்டாவதைத்தான் செஞ்சேன், ஏழெட்டு மாசம் ஓட்டினேன், இப்ப முதல் வழிக்கு வந்துட்டேன்.

தனித்தனியா போடுறது பார்க்க சுத்தமா இருக்கும், அதை மறுக்கல. ஆயிரம் கேரக்டர்தான் அபவுட்டுக்கு அளவு, அது ஒவ்வொரு மொழிக்கும் முழுசா கிடைக்கும். ஒரே பெட்டின்னா அந்த ஆயிரத்தை பங்கு போடணும். தமிழ்ல அது சீக்கிரம் தீர்ந்துடும், ஏன்னா புள்ளி, கொம்பு, காலெல்லாம் தனித்தனி கேரக்டர். "தமிழ்"னு எழுதினா கண்ணுக்கு மூணு எழுத்து, கணக்குல அஞ்சு. அதனால ஆயிரத்துல தமிழுக்கு அறுநூறு ஒதுக்கினாலும் சுமார் அறுபது வார்த்தைதான் வரும். எனக்கு அது போதும், அபவுட்டை யாரு பக்கம் பக்கமா படிக்கப்போறா.

நான் மாறினதுக்கு காரணம் வேற. மொழிபெயர்ப்பு யாருக்கு காட்டப்படும்னா, யூடியூபோட மெனுவை அந்த மொழியில வச்சிருக்கவங்களுக்கு. அவங்க என்ன மொழி பேசுறாங்க, எதுல வீடியோ பார்க்குறாங்கங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நான் மூல மொழியை இங்கிலீஷ்னு வச்சிட்டு தமிழை மொழிபெயர்ப்பா சேர்த்திருந்தேன். நம்ம ஊர்ல முக்கால்வாசி பேர் போன் வாங்கினப்போ இருந்த இங்கிலீஷ் செட்டிங்கை தொடுறதே இல்ல. கே.கே.நகர் அத்தை நாள் பூரா தமிழ் வீடியோதான் பார்ப்பாங்க, அவங்க போன்ல நம்ம சேனலை தொறந்துட்டு "என்னடா, இங்கிலீஷ் சேனலா மாத்திட்டியா?"ன்னு கேட்டாங்க. நான் உக்காந்து எழுதின தமிழ் பத்தி அவங்க கண்ணுல படவே இல்ல! மூல மொழியை தமிழா மாத்தினாலும் பிரச்சினை தீராது, ஏன்னா அத்தையோட மெனு இங்கிலீஷ்தானே, இங்கிலீஷ் மொழிபெயர்ப்புதான் வரும்.

உங்க சேனல்ல இதை சோதிக்க, ரகசிய விண்டோவுல லாகின் பண்ணாம தொறந்து, மேல இருக்க மூணு புள்ளி மெனுவுல மொழியை தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் மாத்திப் பாருங்க. நீங்க லாகின்ல இருந்து உங்க போன்ல பார்த்தா ஒரு மொழிதான் தெரியும்.

இன்னொரு தொல்லையும் இதுல இருக்கு. வீடியோ போடுற கிழமையை சனியிலிருந்து ஞாயிறுக்கு மாத்தினேன், இங்கிலீஷை திருத்தினேன், தமிழ் அப்படியே பழசா கிடந்துச்சு. எந்த எச்சரிக்கையும் வராது. ஒரே பெட்டின்னா ரெண்டும் கண்ணு முன்னாடி இருக்கும், ஒண்ண திருத்திட்டு மத்ததை விடுறது கஷ்டம்.

இப்ப என் அபவுட்டோட ஆரம்பம் இப்படி:

```
மாடித்தோட்டம், சென்னை வெயிலுக்கும் மழைக்கும்.
ஞாயிறுதோறும் புது வீடியோ.
Terrace gardening for Chennai heat and rain.
Videos in Tamil, with English subtitles.
```

சேனல் பக்கத்துல முதல் சில வார்த்தைதான் தெரியும், மிச்சம் "மேலும்" தட்டினாத்தான். அதனால "வணக்கம் நண்பர்களே" எல்லாம் வெட்டிட்டேன். இங்கிலீஷ்ல வீடியோ என்ன மொழின்னு சொல்றது முக்கியம், இல்லன்னா தமிழ் தெரியாதவங்க வந்து ஏமாந்து போவாங்க.

பிளேலிஸ்ட்டுக்கும் ஒரே பெட்டிதான், அங்க அஞ்சாயிரம் கேரக்டர் இருக்கறதால பங்கு பிரிக்கிற வேலையே இல்ல. ஆனா இங்கதான் நேருக்கு நேர் மொழிபெயர்க்கக் கூடாதுன்னு கத்துக்கிட்டேன். "ஆடிப்பட்டம்"னு ஒரு பிளேலிஸ்ட், இங்கிலீஷ்ல அதை `Aadi Pattam`னு மட்டும் போட்டிருந்தேன். எங்க அபார்ட்மெண்ட்டுக்கு புதுசா வந்த பெங்காலி பொண்ணு ஏதோ கோயில் திருவிழான்னு நினைச்சிருக்கு. இப்ப `July-August sowing`னு சேர்த்திருக்கேன், அந்தப் பொண்ணு தேடுறது மாசத்தைத்தான். `maadi thottam`னு இங்கிலீஷ் எழுத்துல டைப் பண்றவங்களுக்காக அதையும் ஒரு வாக்கியத்துக்குள்ள ஒரு தடவை நுழைச்சிருக்கேன். கமா போட்டு முப்பது வார்த்தையை அடுக்குறது வேண்டாம், டிஸ்கிரிப்ஷன்ல டேக் குவிக்கிறது யூடியூப் விதிப்படியே தப்பு.

இதனால தேடல்ல மேல வந்துட்டேனான்னு கேட்டா, நம்மளது சின்ன சேனல், அந்த மாசத்துல தலைப்பையும் மாத்தினேன், எதுனால வந்துச்சுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். வீடியோவே ரெண்டு மூணு மொழி ஆடியோவோட போடுறவங்களுக்கு `Add language`தான் சரியா இருக்கும்னு நினைக்கிறேன், மூணு மொழியை ஆயிரத்துக்குள்ள திணிக்க முடியாதே.