ஆயிரம் கல்லுக்கு எவ்வளவு விறகு? என் காளவாயின் கணக்கு

செங்கல் காளவாய் போட ஆசைப்படும் நண்பர் ஒருவர், "ஆயிரம் கல்லுக்கு எவ்வளவு விறகு போகும்ணே, ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க" என்று விடாமல் கேட்கிறார். பல வருடமாக 25,000 கல் பிடிக்கிற சின்னக் காளவாய் ஓட்டுகிறவன் என்ற முறையில் நம்பர் சொல்லிவிடுகிறேன்: நன்றாகக் காய்ந்த விறகாக இருந்தால் ஆயிரத்துக்கு 560 கிலோ. ஒரு சூளைக்கு 14 டன். காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறக்குறைய 15 மெகாஜூல் வெப்பம் தரும், அப்படியானால் ஆயிரம் கல்லுக்கு 8,400 மெகாஜூல். வெந்த கல் ஒன்று 3 கிலோ, ஆகவே கிலோ கல்லுக்கு 2.8. நாட்டுச் சூளைகளுக்கு 2 முதல் 4 வரை போகும் என்பதால் இது மோசமான கணக்கு இல்லை.

ஆனால் இந்த 560 பாதிப் பொய். எனக்கு எரிச்சலே அதில்தான்.

சூளையைப் பிரிக்கும்போது 25,000 கல்லும் விற்கிற கல்லாக வராது. நாலு பக்கச் சுவரிலும் மேல் வரிசையிலும் இருப்பவை வெளிறிப்போய், தட்டினால் மொத்து மொத்தென்று சத்தம் வரும். உள்ளே இருந்த கல்லைத் தட்டினால் கணீரென்று இருக்கும். என் சூளையில் இந்த ஓரக்கல் 4,000 வரை விழும். அதைக் கழித்தால் அதே 14 டன் விறகில் வெந்தது 21,000 கல், அதாவது ஆயிரத்துக்கு 667 கிலோ. ஒரு கட்டுவிறகு கூடப் போடாமல் கணக்கு நூறு கிலோவுக்கு மேல் ஏறிவிட்டது. யாராவது 'என் சூளையில் ஆயிரத்துக்கு இவ்வளவுதான்' என்று பெருமை அடித்தால், எந்த ஆயிரம் என்று கேளுங்கள், அடுக்கின ஆயிரமா விற்ற ஆயிரமா.

ஓரம் என்பது சூளையின் அளவோடு ஒட்டிய நோய். 25,000 கல்லை அடுக்கினால் பக்கத்துக்கு நாலு மீட்டர் போல ஒரு குவியல், அதில் அரைக்கல் கனத்துக்கு வெளித்தோல் மட்டும் எடுத்தாலே மொத்தத்தில் ஏழில் ஒரு பங்கு வந்துவிடும். இதையே 50,000 ஆக்கினால் கல் இரண்டு மடங்கு, தோல் ஒன்றரை மடங்கு சொச்சம்தான். பெரிய சூளைக்காரனுக்கு ஆயிரத்துக்கு விறகு குறைகிறதென்றால் அவன் கெட்டிக்காரன் என்று அர்த்தமில்லை, அவனுக்கு ஓரம் குறைவு, அவ்வளவுதான்.

இதற்கு உருப்படியான வைத்தியம் ஒன்று உண்டு. போன சூளையின் அரைவேக்காட்டுக் கல்லையே இந்தச் சூளையின் வெளிச்சுவராக அடுக்கி, மேலே சேற்றைக் கனமாகப் பூசிவிடுவது. அந்தக் கல்லில் ஈரம் கிடையாது, வெந்தால் லாபம், வேகாவிட்டால் மறுபடி சுவர். அப்புறம் காற்று. ஒரே பக்கமாகக் காற்று அடித்தால் அந்தப் பக்கத்துத் தீ உள்ளே ஓடி எதிர்ப்பக்கக் கல் உருகி ஒட்டிக்கொள்ளும், இந்தப் பக்கம் பச்சையாகவே நிற்கும். காற்று வரும் பக்கம் கீற்றுத் தட்டி கட்டாமல் தீ வைப்பதில்லை.

ஓரத்தைவிட எனக்கு ஆத்திரம் வருவது ஈர விறகில்தான். எடை போட்டு விற்கிறவர் தண்ணீரையும் விறகு விலைக்கே விற்கிறார். வெட்டிச் சில நாளே ஆன சீமைக் கருவேலம் ஒரு லோடு வந்தது. காய்ந்தது என்று சத்தியம் செய்தார் வியாபாரி. வெட்டு முகத்தில் கைவைத்தால் குளிர்ச்சி, இரண்டு கட்டையை மோதினால் மந்தமான சத்தம், எரியும்போது மறுமுனையில் நுரை தள்ளிக்கொண்டு வந்தது. 40 சதவீதம் ஈரம் உள்ள விறகு கிலோவுக்கு 10 மெகாஜூல்தான் தரும், மீதி அந்தத் தண்ணீரை ஆவியாக்கவும் தண்ணீர் எடையிலுமே போய்விடும். அதே 8,400 மெகாஜூல் வேண்டுமென்றால் 560 கிலோவுக்குப் பதில் 840 கிலோ எரிக்க வேண்டும். கடைசியில் அது எரிகிற வேகமும் போதாது, தீ வாய் கறுத்துப் புகைகிறதே தவிர உள்ளே செம்மை ஏறாது.

கல்லின் ஈரமும் இதே கதை, ஆனால் கொஞ்சம் சின்ன அளவில். பச்சைக் கல்லில் 15 சதவீதம் ஈரத்தோடு அடுக்கினால் ஆயிரத்துக்கு 450 கிலோ தண்ணீர் போல உள்ளே போகிறது. அதை விரட்ட மட்டும் வெறும் கணக்கிலேயே 80 கிலோ விறகு. நிஜத்தில் இன்னும் கூடும், ஏனென்றால் ஈரக் கல்லுக்குத் தீயை மெதுவாகத்தான் ஏற்ற முடியும், அவசரப்பட்டால் உள்ளே ஆவி முட்டிக் கல் வெடிக்கும். இந்த மெதுவான நேரமெல்லாம் வெப்பம் சும்மா மேலே போய்க்கொண்டிருக்கும். அதனால் அடுக்குமுன் நாலைந்து கல்லை அடையாளம் வைத்து நாள்தோறும் தராசில் நிறுத்துகிறேன், எடை இறங்குவது நின்றால்தான் சூளைக்கு. ஒன்றை உடைத்தும் பார்ப்பேன், நடுவில் கறுப்பாக ஒரு திட்டு தெரிந்தால் இன்னும் வெயில் வேண்டும். தீ வைத்த பிறகு உச்சியில் ஒரு குளிர்ந்த கம்பியைக் காட்டிப் பார்ப்பது பழைய பழக்கம். கம்பியில் நீர் கோர்ப்பது நிற்கும்வரை தீயைக் கூட்டக் கூடாது.

எதிர்பாராமல் சந்தோஷம் கொடுத்தது உமி. மண் மிதிக்கும்போதே ஆயிரம் கல்லுக்கு ஒரு மூட்டை, 30 கிலோ போல, கலந்துவிட்டால் கல் தன் வயிற்றுக்குள்ளேயே எரிகிறது. வெளியில் எரிகிற விறகைப் போல அந்தச் சூடு வானத்துக்குப் போவதில்லை. கல் காயும்போது விரிசலும் குறைகிறது. மூட்டையைக் கூட்டினால் மட்டும் ஆபத்து. உடைத்தால் நடுவில் கரிக்கறை, ஓரம் உதிரும், தண்ணீரைக் குடிக்கும்.

முடிவாகக் கேட்டால், காளவாயைப் பாராட்டத்தான் தோன்றுகிறது. முதலீடு கிடையாது, சிம்னி வேண்டாம், எந்தக் கட்டையும் எரியும், மண் தீர்ந்தால் வேறு இடத்தில் அடுக்கலாம். ஆனாலும் நண்பருக்கு என் பதில், வேண்டாம் தம்பி. 25,000 கல் ஆறும்போது 75 டன் கல்லின் சூடு முழுசும் காற்றில் கலக்கிறது, அதைப் பிடிக்க இந்தச் சூளையில் வழியே இல்லை. சிம்னிச் சூளையில் வெந்த கல்லின் வழியாகவே காற்று நுழைந்து சூடேறிப் போகிறது, அதனால்தான் அங்கே கிலோவுக்கு 1.1 முதல் 1.5 மெகாஜூலோடு முடிகிறது. நான் உமியும் தட்டியும் தராசுமாக அல்லாடி மிச்சம் பிடிப்பதெல்லாம் அந்த வித்தியாசத்தின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

போட்டே தீருவேன் என்றால் 50,000-க்குக் குறைந்து அடுக்காதீர்கள், விறகைக் கோடையிலேயே வாங்கி ஐப்பசி மழைக்கு முன் கொட்டகையில் ஏற்றிவிடுங்கள். அந்த வியாபாரியின் நம்பரை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.