மோதிர விரல் காலையில் மடங்கியே நின்றது

இந்த முறை ஊருக்குப் போன மூன்று வார விடுப்பில் ஒரு நாளை விரலுக்காக ஒதுக்கினேன். நான்கு மாதமாகத் தினமும் காலையில் வலது மோதிர விரல் உள்ளங்கையை நோக்கி மடங்கியே நிற்கும். இடது கையால் பிடித்து நிமிர்த்தினால் 'டக்' என்று ஒரு சொடுக்கு, நல்ல வலி, பிறகு நிமிரும். பத்து மணிக்கு மேல் பெரிய தொந்தரவு இருக்காது.

முதலில் போன இடத்தில் விரலின் நடு மூட்டுக்கு எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நன்றாக இருக்கிறது, தேய்மானம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். சொடுக்கும் வலியும் அந்த மூட்டில்தான் தெரியும் என்பதால் எனக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டாவதாகப் பார்த்த கை அறுவை மருத்துவர் மூட்டைத் தொடவே இல்லை. உள்ளங்கையில், மோதிர விரல் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே கட்டைவிரலை அழுத்தி வைத்து, "மடக்கி நிமிர்த்துங்க" என்றார். தோலுக்கடியில் பட்டாணி மாதிரி ஒன்று நகர்ந்தது எனக்கே தெரிந்தது. "ட்ரிகர் ஃபிங்கர். கோளாறு இங்கதான் இருக்கு, வலி அங்க தெரியுது" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். விரலை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் உள்ளங்கை வழியாக விரல் நுனிப் பக்கம் ஓடுகின்றன. எலும்பை விட்டு விலகாதபடி அவற்றைப் பிடித்து வைக்கச் சிறு வளையங்கள் உண்டு. முதல் வளையம் உள்ளங்கையில், விரலின் அடியில். அது தடித்துக் குறுகும்போது, உரசும் இடத்தில் தசைநாணும் வீங்கி முடிச்சு போல் ஆகிறது. மடக்கும்போது முடிச்சு வளையத்தைத் தாண்டி மணிக்கட்டுப் பக்கம் வந்துவிடும், ஏனென்றால் மடக்கும் தசைக்குப் பலம் அதிகம். நிமிர்த்தும் தசைக்கு அவ்வளவு இழுவை இல்லை. அதனால் முடிச்சு திரும்ப உள்ளே நுழைய முடியாமல் வாசலிலேயே நிற்கிறது. இன்னொரு கையால் இழுக்கும்போது அது வளையத்துக்குள் நுழைவதுதான் அந்த 'டக்'. இரவெல்லாம் விரல் மடங்கி அசையாமல் கிடப்பதாலும், வீக்கம் கூடுவதாலும் காலையில் மோசம்.

எனக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும், ஊசியும் சற்றுக் குறைவாகவே பலிக்கும் என்பதை மறைக்காமல் சொன்னார். ஸ்டீராய்டு ஊசியை வளையம் இருக்கும் இடத்தில், தசைநாணின் உறைக்குள் போட வேண்டும், நாணுக்குள் போகக் கூடாது. ஊசியைக் குத்திவிட்டு விரல் நுனியை லேசாக அசைக்கச் சொன்னார். ஊசியும் கூடவே ஆடியது. கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, ஆட்டம் நின்ற பிறகே மருந்தைச் செலுத்தினார். இந்தக் கவனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சில நாள் சர்க்கரை ஏறும், அடிக்கடி பாருங்கள் என்றார். ஐந்து நாள் ஏறித்தான் இருந்தது. இரவில் விரலின் அடி மூட்டு மடங்காமல் பிடிக்கும் ஸ்பிளிண்ட் ஒன்றும் கொடுத்தார். ஊசி பலிக்காவிட்டால் மரக்க வைத்து அந்த வளையத்தை மட்டும் வெட்டித் திறக்கலாம், மேலே உள்ள வளையங்கள் நாணைப் பிடித்துக்கொள்ளும் என்றார்.

பத்தாம் நாள் விமானம் ஏறும்போது விரல் தானாகவே நிமிர்ந்தது. முடிச்சு இன்னும் கையில் தட்டுப்படுகிறது, காலையில் லேசாக உரசுகிறது, ஆனால் மாட்டவில்லை.