விரிப்பதா, புது மாறி சேர்ப்பதா? 3-சாட்டுக்குப் போகும் இரண்டு பாதைகள்

ஒரு தருக்கச் சூத்திரத்தில் உள்ள மாறிகளுக்கு உண்மை, பொய் என்ற மதிப்புகளை எப்படியாவது கொடுத்து அதை உண்மையாக்க முடியுமா என்று கேட்பதுதான் சாட் சிக்கல். 3-சாட்டிலும் அதே கேள்விதான். ஆனால் சூத்திரம் பல அடைப்புகளாக இருக்க வேண்டும். ஒவ்வோர் அடைப்புக்குள்ளும் அதிகபட்சம் மூன்று உறுப்புகள், அதாவது மாறிகளோ `¬` குறியிட்ட அவற்றின் மறுப்புகளோ, 'அல்லது' என்னும் `∨` குறியால் இணைந்திருக்க வேண்டும். அடைப்புகள் 'இரண்டும்' என்னும் `∧` குறியால் இணைய வேண்டும். எந்தச் சூத்திரத்தையும் இந்த வடிவத்துக்கு மாற்ற இரண்டு வழிகள் உண்டு. எடுத்துக்காட்டுக்கு இது:

```
(x1 ∧ y1) ∨ (x2 ∧ y2) ∨ ... ∨ (xn ∧ yn)
```

முதல் வழி, பள்ளி இயற்கணிதத்தைப் போலப் பெருக்கி விரிப்பது. n = 2 என்றால் நான்கு அடைப்புகள் வரும்:

```
(x1 ∨ x2) ∧ (x1 ∨ y2) ∧ (y1 ∨ x2) ∧ (y1 ∨ y2)
```

கிடைப்பது பழைய சூத்திரத்துக்கு முற்றிலும் சமமானது. புது மாறி ஒன்றும் இல்லை. பார்க்க அழகான வழி. ஆனால் ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓர் அடைப்பு அமைவதால் மொத்தம் 2ⁿ அடைப்புகள், ஒவ்வொன்றிலும் n உறுப்புகள்; n மூன்றைத் தாண்டினால் அவற்றையும் பிறகு துண்டாக்க வேண்டும். n = 20 ஆனால் 10,48,576. எழுதி முடிக்கவே அத்தனை நேரம் ஆகும். இது நம் கைத்திறக் குறையும் அல்ல. இந்தச் சூத்திரத்துக்குச் சமமாக, இதே மாறிகளை மட்டும் வைத்து எழுதும் எந்த அடைப்பு வடிவத்துக்கும் குறைந்தது 2ⁿ அடைப்புகள் தேவை.

இரண்டாவது வழி 1968-இல் கணிதவியலாளர் த்சேய்தின் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வருகிறது. ஒவ்வொரு ஜோடிக்கும் zi என்று ஒரு புது மாறி. "zi உண்மை என்றால், என்றால் மட்டுமே, xi, yi இரண்டும் உண்மை" என்பதை மூன்று சிறு அடைப்புகளில் சொல்லிவிடலாம்:

```
(¬zi ∨ xi) ∧ (¬zi ∨ yi) ∧ (zi ∨ ¬xi ∨ ¬yi)
```

இவற்றோடு `(z1 ∨ z2 ∨ ... ∨ zn)` என்ற நீண்ட அடைப்பு ஒன்று மிஞ்சும். அதை w என்ற இணைப்பு மாறிகளால் துண்டாக்க வேண்டும். n = 5 என்றால்:

```
(z1 ∨ z2 ∨ w1) ∧ (¬w1 ∨ z3 ∨ w2) ∧ (¬w2 ∨ z4 ∨ z5)
```

எல்லா z-களும் பொய் என்று வையுங்கள். முதல் அடைப்புக்காக w1 உண்மையாக வேண்டும், அடுத்ததற்காக w2 உண்மையாக வேண்டும், அப்போது கடைசி அடைப்பு உடைகிறது. ஒரு z உண்மையாக இருந்தால் போதும்: அதற்கு முன்னுள்ள அடைப்புகளை உண்மையாக்கும் w-களை உண்மை என்றும், மற்றவற்றைப் பொய் என்றும் வைத்துத் தப்பிக்கலாம். மொத்தக் கணக்கு 3n + (n − 2) அடைப்புகள். n = 20-க்கு 78.

புதிய சூத்திரம் பழையதற்குச் சமமானது அல்ல. x1, y1 உண்மையாக இருந்தும் z1-ஐப் பொய் என்று வைத்தால் பழையது உண்மை, புதியது பொய். தீர்வுகளின் எண்ணிக்கையும் மாறக்கூடும், ஏனெனில் w-களுக்குச் சில இடங்களில் இரு மதிப்பும் பொருந்தும். தீர்வுகளை எண்ணுவது உங்கள் வேலை என்றால் இதைக் கவனிக்காமல் விடக்கூடாது. ஆனால் ஒரு சிக்கலை இன்னொன்றாக மாற்றும் குறைப்பு இரண்டைத்தான் கேட்கிறது: பழையதற்கு "ஆம்" என்றால் புதியதற்கும் "ஆம்", "இல்லை" என்றால் "இல்லை"; மாற்றும் வேலை உள்ளீட்டின் நீளத்தில் பல்லுறுப்புக்கோவை நேரத்துக்குள் முடிய வேண்டும். விரிக்கும் வழி கேட்காததைக் கொடுத்து, கேட்ட நேரத்தைத் தவறவிடுகிறது. ஆகவே என் தேர்வு ஐயமின்றி இரண்டாவது.

"இந்தச் சூத்திரத்தைப் பார்த்தவுடனேயே நிறைவுறும் என்று தெரிகிறதே, x1, y1-ஐ உண்மையாக்கினால் போதுமே" என்று யாரேனும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் குறைப்பு ஒரு சூத்திரத்துக்கு மட்டும் வேலை செய்தால் போதாது, எல்லாவற்றுக்கும் நேரத்துக்குள் முடிய வேண்டும். இந்த எளிய சூத்திரத்திலேயே விரிக்கும் வழி தடுமாறுகிறது. இரண்டாவது வழியோ, எவ்வளவு ஆழமாகப் பின்னிய சூத்திரமானாலும் ஒவ்வொரு தருக்கக் குறிக்கும் ஒரு புது மாறி, சில அடைப்புகள் என்ற அளவிலேயே நிற்கும்.

இதிலிருந்துதான் 3-சாட் என்.பி.-முழுமையானது என்ற முடிவு வருகிறது. கையில் கொடுத்த விடை சரியா என்று பல்லுறுப்புக்கோவை நேரத்தில் சரிபார்க்கக்கூடிய சிக்கல்களின் வகுப்புதான் என்.பி. ஒரு சிக்கல் என்.பி.-முழுமையானது என்றால், அது என்.பி.-யில் இருக்க வேண்டும், என்.பி.-யிலுள்ள ஒவ்வொரு சிக்கலும் அதற்குக் குறைய வேண்டும். முதற்பாதி எளிது: ஒரு மதிப்பீட்டைக் கையில் கொடுத்தால் சூத்திரம் உண்மையாகிறதா என்று விரைவில் சரிபார்க்கலாம். இரண்டாம் பாதியைச் சாட்டுக்கு 1971-இல் ஸ்டீபன் குக் நிறுவினார். லியோனிட் லெவின் தனியாகக் கண்ட இணையான முடிவு 1973-இல் வெளியானது. எந்த என்.பி. சிக்கலும் சாட்டுக்குக் குறைகிறது, சாட் 3-சாட்டுக்குக் குறைகிறது, இரண்டு பல்லுறுப்புக்கோவைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாலும் பல்லுறுப்புக்கோவைதான்.

திசையை மாற்றிப் போட்டால் எல்லாம் கெடும். அடைப்புக்கு இரண்டு உறுப்புகள் மட்டும் கொண்ட 2-சாட்டும் சாட்டுக்குக் குறையும். அதில் மாற்றவே ஒன்றுமில்லை. ஆனால் 2-சாட் பல்லுறுப்புக்கோவை நேரத்தில் தீரும் சிக்கல். கடினம் என்று காட்ட விரும்பும் சிக்கலை நோக்கியே குறைப்பு செல்ல வேண்டும். அதிலிருந்து கிளம்பினால் எதையும் காட்டியதாகாது.