மீற்றர் கணக்கில் துணி எடுப்பவர்கள் கவனிக்கவும்: 26 மீற்றரில் நான் பட்ட பாடு

கிளிநொச்சியில் வீட்டோடு தையல் வேலை செய்கிறேன். எங்கள் அறநெறிப் பாடசாலையின் வாணி விழாவுக்குப் 14 பிள்ளைகளுக்குக் குங்கும நிறப் பாவாடை கேட்டார்கள். இங்குள்ள கடைகளில் ஒரே நிறத்தில் அவ்வளவு துணி இல்லை. அதனால் முகநூலில் விற்கும் கொழும்புக்காரர் ஒருவரிடம் எடுத்தேன். பெயர் போடவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

துணி 44 அங்குல அகலம், சதுர மீற்றருக்கு 150 கிராம், மீற்றர் 650 ரூபாய் என்று போட்டிருந்தது. "சுருங்குமா தம்பி?" என்று கேட்டேன். "சுருங்காது அக்கா, கழுவி முடிச்ச துணி" என்றார். ஒரு பாவாடைக்கு 90 சென்ரிமீற்றர் நீளத்தில் இரண்டு துண்டு வேண்டும். 14 பாவாடைக்கு 28 துண்டு, அதாவது 25.2 மீற்றர். அவர் பேச்சை நம்பி 26 மீற்றர் மட்டும் கேட்டு, 16,900 ரூபாயை வங்கியில் போட்டேன்.

பொதி வந்தபோதே ஒன்றைக் கவனித்திருக்கலாம். கூரியர் சீட்டில் எடை 3 கிலோ 400 கிராம் என்று இருந்தது. 44 அங்குலம் என்றால் 1.12 மீற்றர். அந்த அகலத்தில் 150 கிராம் துணி மீற்றருக்கு 168 கிராம் நிற்க வேண்டும். 26 மீற்றருக்கு 4 கிலோ 350 கிராமுக்கு மேல் வரும். எனக்கு வந்தது சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 117 கிராம் துணி. கையில் மொடமொடவென்று தடிப்பாக இருந்தது கஞ்சியால்தான். இரண்டு விரலுக்குள் வைத்துத் தேய்த்தபோது வெள்ளையாக மா உதிர்ந்தது.

நான் வெட்டுமுன் எப்போதும் நனைத்துக் காயவைப்பேன். இந்த முறை ஓர் ஓரத்தில் 50 சென்ரிமீற்றருக்குப் பேனையால் அடையாளம் போட்டுவிட்டு நனைத்தேன். காய்ந்து அயன் பண்ணிப் பார்த்தால் 46.5. நூற்றுக்கு ஏழு சுருங்கிவிட்டது. அகலத்தில் பெரிதாகக் குறையவில்லை. நெய்யும்போதும் முடிக்கும்போதும் நீளவாட்டில் இழுத்து வைத்த நூல், கஞ்சி போனதும் தளர்ந்து பழைய இடத்துக்குப் போய்விடும். ஐதாக நெய்த துணியில் இது கூடுதலாகத் தெரியும். 26 மீற்றர் இப்போது 24.2 மீற்றர். அதில் 26 துண்டுதான் வரும். ஒரு பாவாடை குறைகிறது.

இன்னும் 2 மீற்றர் கேட்டேன். 5 மீற்றருக்குக் குறைய வெட்ட மாட்டோம் என்றார். முதல் தடவை இதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விழாவுக்கு ஆறு நாள்தான். "அதே துணிதானே தம்பி?" என்றேன். "ஓம் அக்கா, அதே துணிதான்" என்றார். 3,250 ரூபாய் போட்டேன்.

வந்த துணியை இரவு ரியூப் லைற்றில் வைத்துப் பார்த்தேன், ஒன்றுபோலத்தான் இருந்தது. காலையில் முற்றத்து வெயிலில் பக்கத்தில் விரித்தால், பழையது கொஞ்சம் நீலம் ஓடின குங்குமம், புதியது செங்கல் பக்கம் சாய்ந்த குங்குமம். துணி அதேதான், சாய லொட் வேறு. ஒவ்வொரு தடவையும் சாயம் புதிதாகக் கலந்து தோய்க்கும்போது சின்ன வித்தியாசம் வரத்தான் செய்யும். அதில் பிழை இல்லை. வேறு லொட் என்று தெரிந்தும் சொல்லாமல் அனுப்பியதுதான் பிழை. படம் எடுத்து அனுப்பினேன். வெட்டின துணி திருப்பி எடுப்பதில்லை என்று பதில் வந்தது, அப்புறம் பதிலே இல்லை.

ஒரு பிள்ளை மட்டும் வேறு நிறத்தில் நிற்பதை என்னால் பார்க்க முடியாது. அதனால் பழைய துணியில் 12 தைத்தேன், புதியதில் 2 தைத்தேன். அந்த இரண்டு பிள்ளைகளையும் வரிசையின் இரு கரையிலும் நிறுத்தச் சொன்னேன். இரண்டு லொட்டையும் ஒரே பாவாடையில் மட்டும் சேர்க்காதீர்கள். மூட்டில் கோடு போட்டதுபோலத் தெரியும்.

இப்போது காசு போடுமுன் இதை எழுதி அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்கி வைக்கிறேன்: "முழுத் துணியும் ஒரே றோலில் ஒரே துண்டாக வருமா? லொட் இலக்கம் என்ன? கரைக்குக் கரை அகலம் எவ்வளவு? ஒரு மீற்றர் தராசில் எத்தனை கிராம்? பிறகு தேவைப்பட்டால் ஆகக் குறைந்தது எத்தனை மீற்றர் வெட்டுவீர்கள்?" சுருக்கத்தைப் பற்றி விற்பவரிடம் கேட்பதில்லை. முதலில் ஒரு மீற்றர் எடுத்து நனைத்துப் பார்த்துவிட்டு, அந்தக் கணக்கைக் கூட்டித்தான் மிச்சத்தைக் கேட்கிறேன். அந்த ஒரு மீற்றர் எந்த லொட்டோ, மிச்சமும் அதே லொட்டில் வைக்கச் சொல்லிவிடுகிறேன்.